‘எந்நேரமும் தொடர்பில் இருப்பேன்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது என் பொறுப்பு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, செவ்வாய், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் காலை 10 மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். அந்த ஒரு மணி நேரம் நான் கூடவே இருந்தாக வேண்டும். அலுவலகத்துக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த மூன்று நாட்களும் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். “எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்” என்றார். இரண்டு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். 24 மணி நேரமும் தொடர்பில் இருப்பேன், தேவைப்பட்டால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் பிரிவில் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் கொடுப்பது அவர்கள் கடமைதானே? கடிதத்தை இணைத்துள்ளேன். சரியாக இருக்கிறதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

மனிதவள ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் நிலையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் பகுதி மனத்தைத் தொடுகிறது. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிவெடுக்கப் போகிற உங்கள் மேலாளருக்கு உங்கள் மீது இரக்கம் இருக்கிறதா என்பது இங்கே பிரச்சினை இல்லை. “எழுதிக் கொடுங்கள்” என்று அவர் சொன்னதிலேயே ஓரளவு மனம் இருப்பது தெரிகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு சப்ளையர் பணம் வரவில்லை என்று கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. உங்கள் இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைக் கடிதத்தின் நடுவே வைத்து, மற்றதையெல்லாம் சுருக்கினால் ஒரே பக்கம் போதும்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கத்துப் பிரிவில் ஒருவருக்குக் கொடுத்திருப்பது உங்களுக்குக் கொடுக்க வேண்டிய கடமையை உருவாக்கிவிடாது. அவர் செய்யும் வேலை வேறு, அவருடைய மேலாளர் வேறு, என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. சட்டமும் பல நாடுகளில் கேட்பதற்கான வழியைத்தான் தருகிறது. கேட்டதைப் பெறும் உரிமையைத் தருவதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இப்படிக் கோரலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக மறுக்கலாம். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தம் 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்கிறது; அங்கும் காரணம் காட்டி மறுக்கலாம். இந்தியாவில் 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கும் பிரிவு, பேறுகால விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளின்படிதான். எனவே உங்கள் நிறுவனத்தின் பணிவிதிகளில் இதற்கான கொள்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் பெயரைக் கடிதத்தின் முதல் வரியில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் இது வேண்டுகோள்தான் என்ற புரிதலோடு எழுதுங்கள். ‘கடமை’ என்ற சொல்லும் பக்கத்துப் பிரிவு ஊழியரின் பெயரும் கடிதத்தில் வேண்டாம்.

சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வரியை இன்றே அடித்துவிடுங்கள். அதே எட்டு மணி நேரம், அதே வேலை என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் ஊதியத்தைக் குறைக்கச் சொல்வது வீட்டில் வேலை குறையத்தான் போகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகப் படிக்கப்படும். எழுத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவதும் கடினம்.

கால அட்டவணையை வேலையிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் வரைவில் கிழமைகள் சிகிச்சை நேரத்திலிருந்து வந்திருக்கின்றன. உங்களுக்கு அது இயல்பு. ஆனால் மேலாளர் அதே கிழமைகளை வேலையின் பக்கத்திலிருந்து பார்ப்பார். ஆகவே ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்தில் நீங்கள் செய்யும் வேலைகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: அலுவலகத்தில் இருந்தால் மட்டுமே முடிபவை, எங்கிருந்தும் முடிபவை.

நீங்கள் விவரித்திருப்பதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் வரும் பில்களைப் பெற்று முத்திரையிட்டு ஸ்கேன் செய்வது, காசோலைகளுக்குக் கையெழுத்து வாங்குவது, தணிக்கையாளர் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது ஆகிய மூன்றும் அலுவலக வேலைகள். பில்லை ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒப்பிடுவது, பதிவு செய்வது, பணம் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் தயாரிப்பது, சப்ளையர் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப் பார்ப்பது ஆகியவை எங்கிருந்தும் முடியும். வாராந்தரப் பணப் பட்டுவாடா வியாழக்கிழமை என்கிறீர்கள். இது உங்களுக்குச் சாதகமான செய்தி. திங்களும் வியாழனும் நீங்கள் எப்படியும் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். திங்களன்று காகிதப் பில்களை ஸ்கேன் செய்துவிட்டால், செவ்வாயும் புதனும் வீட்டில் ஒப்பீடும் பட்டியலும் முடியும். வியாழனன்று கையெழுத்தும் பட்டுவாடாவும். வெள்ளியன்று கணக்கு ஒத்துப் பார்ப்பது. நீங்கள் கேட்ட அதே மூன்று நாட்கள்தான். ஆனால் இப்படி எழுதினால் அவை வேலையின் ஓட்டத்திலிருந்தே வந்த நாட்களாகத் தெரியும்.

அடுத்து மணிக்கணக்கு. உங்கள் அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை, உணவு இடைவேளை அரை மணி போக எட்டு மணி நேரம். வீட்டில் இருக்கும் நாட்களில் 8.30-க்குத் தொடங்கி 10 வரை, பிறகு ஒரு மணி நேர இடைவெளி, 11 முதல் 1.30 வரை, உணவுக்குப் பிறகு 2 முதல் 6 வரை என்று வைத்தால் ஒன்றரையும் இரண்டரையும் நான்குமாக எட்டு மணி நேரம் சரியாக வருகிறது. உங்கள் வரைவில் அந்த 10 மணி இடைவெளி இல்லவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்த்துவிடலாம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அது முடியாது. ஒருவரைக் கைத்தாங்கலாக நடக்க வைக்கும்போது பில்லில் இருக்கும் எண்ணைச் சரிபார்க்க முடியாது. செய்ய முயன்றால் இரண்டிலும் தவறு வரும். அந்த ஒரு மணி நேரத்தை மறைக்காமல் எழுதி, அதற்கு ஈடாக எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று காட்டுவதுதான் நேர்மை. நம்பிக்கையைத் தருவதும் அதுதான். மற்ற நேரத்தில் அப்பாவுக்குத் துணை யார் என்பதையும் கடிதம் கொடுக்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். மேலாளர் அதை நிச்சயம் வாய்மொழியாகக் கேட்பார்.

மாத முடிவு உங்கள் அட்டவணையின் பலவீனமான இடம். கணக்கை மூடும் நாட்களில் எல்லோரும் ஒரே அறையில் இருப்பதைத்தான் கணக்குப் பிரிவுகள் விரும்பும். மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாட்களும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று வேலை நாட்களும் முழுமையாக அலுவலகத்தில் இருப்பேன் என்று நீங்களாகவே முன்வந்து எழுதினால் பாதித் தடை அகன்றுவிடும். ஆனால் அந்த நாட்களிலும் சிகிச்சை இருக்குமே? சிகிச்சையாளரிடம் மாலை நேரம் கேளுங்கள், அல்லது உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஏற்பாடு கையில் வரும்வரை இந்த வரியை எழுதாதீர்கள். முதல் மாதத்திலேயே மீறப்படும் வாக்குறுதி, மறுக்கப்பட்ட வேண்டுகோளைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

தொடர்பில் இருப்பதற்கும் எல்லை வேண்டும்

24 மணி நேரமும் தொடர்பில் இருப்பேன் என்பது தாராளமான வாக்குறுதி போலத் தோன்றும். அனுபவமுள்ள மேலாளர் அதை எதுவும் யோசிக்கப்படவில்லை என்பதன் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார். நீங்கள் தூங்குவீர்கள், குளிப்பீர்கள், அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவீர்கள். இரவு ஒன்பது மணிக்கு வந்த ஓர் அழைப்பை நீங்கள் எடுக்காவிட்டால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சாதாரண விஷயம். “எந்நேரமும்” என்று எழுதிக் கொடுத்தவருக்கு அது மீறல்.

இதற்குப் பதிலாக, எந்த வழியில் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் கிடைக்கும் என்று எழுதுங்கள். வேலை நேரத்தில் வரும் போன் அழைப்பை உடனே எடுப்பேன், தவறினால் 15 நிமிடத்தில் திரும்ப அழைப்பேன்; சாட் செய்திக்கு அரை மணிக்குள் பதில்; மின்னஞ்சலுக்கு அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் பதில். இந்த அளவுகளைவிடக் குறுகியதாகச் சொல்லத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாட்டைப் பார்ப்பவரால் பில்லை ஒழுங்காக ஒப்பிட முடியாது. உங்கள் வேலைக்கே அது பொருந்தாது.

காலை 10 முதல் 11 வரை வரும் சப்ளையர் அழைப்புகளுக்கு மாற்று ஆள் ஒருவர் வேண்டும். உங்களோடு வேலை செய்யும் ஒருவர் அதை ஒத்துக்கொள்வாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பதிலுக்கு மாத முடிவில் அவருடைய எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றும் சொல்லுங்கள். கேட்காமல் பெயரை எழுதிவிட்டு, அவர் மேலாளர் வாயிலாக அதை முதன்முறையாக அறிவது பெரிய மனக்கசப்பில் முடியும். மாலை 6-க்குப் பிறகு அவசரம் என்றால் போன் செய்யலாம் என்று எழுதுங்கள்; அதோடு எது அவசரம் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வங்கியில் பணம் திரும்பி வந்துவிட்டது, மறுநாள் சரக்கு நின்றுவிடும் என்பது அவசரம். பில் எண் கேட்பது காலை வரை காத்திருக்கும்.

மின்சாரமோ இணையமோ போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் இதே தலைப்பில் வர வேண்டும். மொபைல் இணையத்துக்கு மாறுவேன். ஒரு மணி நேரத்துக்குள் சரியாகாவிட்டால் போனில் தெரிவித்து, அலுவலகம் வருவேன் அல்லது அரை நாள் விடுப்பாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும்.

பணம் அனுப்பும் வேலை என்பதால் சேர்க்க வேண்டிய ஒரு பத்தி

உங்கள் வரைவில் முற்றிலும் விடுபட்டிருப்பது இதுதான், நிதித் தலைவரின் மேசைக்குக் கடிதம் போனால் அவர் முதலில் தேடுவதும் இதைத்தான். பணம் அனுப்பும் பிரிவுகளைக் குறிவைக்கும் மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது. சப்ளையரிடமிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல் வரும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள். அல்லது மேலதிகாரியின் பெயரில், மீட்டிங்கில் இருக்கிறேன், இதை உடனே அனுப்பிவிடுங்கள் என்று வரும். அலுவலகத்தில் இருந்தால் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி, “இது நீங்கள் அனுப்பியதா?” என்று கேட்டுவிடலாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, சப்ளையரின் வங்கி விவரம் எதையும் வீட்டிலிருந்து மாற்ற மாட்டேன், அந்த மாற்றங்களைத் திங்கள் அல்லது வியாழனன்று மட்டும், நம் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்த பிறகே செய்வேன் என்று எழுதுங்கள். மின்னஞ்சலிலேயே கொடுக்கப்பட்ட எண்ணில் அழைப்பது பயன் தராது. அதை எடுப்பவரே மோசடிக்காரராக இருப்பார். இதோடு, நிறுவனத்தின் லேப்டாப்பையும் வி.பி.என். இணைப்பையும் மட்டுமே பயன்படுத்துவேன், பில்களை வீட்டில் அச்செடுக்க மாட்டேன் என்ற இரண்டு உறுதிகளும் போதும்.

சோதனைக் காலமும் அளவுகோலும்

நிரந்தர அனுமதி கேட்காதீர்கள். பன்னிரண்டு வாரம் கேளுங்கள். அதற்குள் இரண்டு மாத முடிவுகள் வந்துபோக இடம் இருக்கும். கணக்குப் பிரிவில் ஏற்பாடு நிற்குமா என்பது அப்போதுதான் தெரியும். மறுபரிசீலனைக்கான தேதியையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். எதை வைத்து மதிப்பிடுவது என்றும் சொல்லுங்கள்: கெடு தேதிக்குள் முடிந்த பில்கள், தவறு காரணமாகத் திரும்பி வந்தவை, ஒரு நாளுக்கு மேல் பதில் போகாத சப்ளையர் கேள்விகள். இந்த மூன்றுக்கும் கடந்த மூன்று மாத எண்ணிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பின்னால் எந்தச் சிறு தாமதம் வந்தாலும் “வீட்டில் இருப்பதால்தான்” என்ற பேச்சு எழும். மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இவற்றையெல்லாம் சேர்த்தால் கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி அமையும்:

> பொருள்: வாரத்தில் மூன்று நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்களிடம் நேரில் பேசியதன் தொடர்ச்சியாக இக்கடிதத்தை எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவரின் தொடர் சிகிச்சை காரணமாக, வரும் முதல் தேதியிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்கு, செவ்வாய், புதன், வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன்.
>
> காகிதப் பில்களைப் பெறுதல், கையெழுத்து, வாராந்தரப் பட்டுவாடா ஆகியவற்றைத் திங்களும் வியாழனும் அலுவலகத்தில் முடிப்பேன். ஒப்பீடு, பதிவு, பட்டியல் தயாரிப்பு, கணக்குச் சரிபார்ப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்து செய்வேன். மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாட்களிலும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று வேலை நாட்களிலும் அலுவலகத்தில் இருப்பேன்.
>
> வீட்டிலிருக்கும் நாட்களில் என் பணி நேரம் காலை 8.30 முதல் 10 வரை, 11 முதல் 1.30 வரை, பிற்பகல் 2 முதல் மாலை 6 வரை. அழைப்பு தவறினால் 15 நிமிடத்திலும், சாட் செய்திக்கு அரை மணியிலும், மின்னஞ்சலுக்கு அன்றைய பணி நேரத்துக்குள்ளும் பதில் தருவேன். காலை 10 முதல் 11 வரை வரும் சப்ளையர் அழைப்புகளைக் கவனிக்கச் சக ஊழியர் ஒருவர் இசைந்துள்ளார்.

பாதுகாப்பு பற்றியும், இணையம் தடைப்பட்டால் செய்வது பற்றியும், மறுபரிசீலனை பற்றியும் நான் மேலே சொன்னவற்றை ஒவ்வொரு சிறு பத்தியாகச் சேர்த்து, “அவசியம் ஏற்பட்டால் இரண்டு வார முன்னறிவிப்பில் இந்த ஏற்பாட்டைத் திரும்பப் பெறலாம்” என்று முடியுங்கள். அந்த வரி உங்களுக்கும் பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் நாளையிலிருந்து வந்துவிடுங்கள் என்றுகூடச் சொல்ல முடியும். அப்பாவின் நோயின் பெயர், மருத்துவ அறிக்கை, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பவை கடிதத்தில் தேவையில்லை. கடிதம் கோப்பில் பல ஆண்டுகள் இருக்கும், பலர் படிப்பார்கள். சான்று கேட்டால் மனிதவளத் துறையிடம் தனியாகக் கொடுங்கள்.

கொடுக்கும் நேரமும் அதன் பிறகும்

மாத முடிவு வாரத்தில் கொடுக்காதீர்கள். மேலாளர் கணக்கை மூடி ஓய்ந்த பிறகு, மாதத்தின் இரண்டாவது வாரத்தில் பத்து நிமிடம் நேரில் கேட்டுப் பேசி, அன்றே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மனிதவளத் துறைக்கு நகல் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். சொல்லாமல் போட்டால் அவர் தலைக்கு மேல் போனதாக எண்ணக்கூடும்.

அவர் வாயால் “சரி” என்று சொன்னதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மேலாளர் மாறினால் அந்தச் சொல்லுக்குச் சாட்சி கிடையாது. “இன்று பேசியபடி இந்த நாட்களில், இந்த நேரத்தில், இந்தத் தேதி வரை” என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, சம்மதம் என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் பணியிடம் இன்னது என்ற விதி இருந்தால், அது மாறவில்லை, இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே என்றும் அந்தப் பதிலில் இருக்கட்டும். எந்த முகவரியிலிருந்து வேலை செய்வீர்கள் என்பதையும் தெரிவித்துவிடுங்கள். அதே அனுமதியை வைத்து வேறு நாட்டிலிருந்து சில வாரம் வேலை பார்த்தால் வரி, காப்பீடு, தரவுப் பாதுகாப்பு என்று புதிய சிக்கல்கள் எழும்; அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

மூன்று நாள் முடியாது என்றால் என்ன செய்வது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள், ஆனால் கடிதத்தில் எழுத வேண்டாம். எழுதினால் பேச்சு அங்கிருந்தே தொடங்கும். உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பதைவிட அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். புதன்கிழமைச் சிகிச்சையை மாலைக்கு மாற்ற முடிந்தால், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கேட்கலாம். தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிக்கும் நேர மாற்றமும் ஒரு வழிதான்; ஆனால் உங்கள் பயண நேரத்தில் நீங்கள் மேசைக்கு வர பன்னிரண்டரை ஆகிவிடும் என்பதால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். முழுமையாக மறுத்துவிட்டால், எந்த வேலை அல்லது எந்த நாள் தடையாக இருக்கிறது என்று பணிவாக எழுத்தில் கேளுங்கள். பதில் “மாத முடிவு” என்றால் அதைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்கலாம். பதில் “எங்கள் பிரிவில் யாருக்கும் கிடையாது” என்றால், பணிவிதிகளில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் கேட்டுவிட்டு, உங்கள் நாட்டின் சட்டத்தைத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த எழுத்துப் பதிலைக் காட்டுங்கள்.